ஒரே பத்தியில் ஐந்து கேள்வி

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர் சொல்வதைத் தொழிற்சாலைக்கும், தொழிற்சாலை கேட்பதைப் பையருக்கும் கொண்டுசேர்ப்பது என் வேலை. எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணன் கெட்டிக்காரர். ஆனால் மெயில் எழுதினால் மூச்சு விடாமல் ஒரே பத்தியாக எழுதுவார். அப்படி வந்த ஒரு மெயிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நேவி லேப் டிப்பில் பி அப்ரூவ் ஆகிவிட்டதா, துணி 180 ஜிஎஸ்எம்மில் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம், கழுத்து ரிப்புக்கு நூல் கையில் இருப்பதால் லைக்ரா இல்லாமல் சாதாவாகவே ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன், கேர் லேபிள் எப்போது வரும், பெட்டிக்கு 24 பீஸா 36 பீஸா.

நான் அன்று பையருடன் கூட்டத்தில் இருந்தேன். என் பிரிவுத் தலைவர் தன் போனிலிருந்து பதில் போட்டார்: ஆம், அப்ரூவ் ஆகிவிட்டது, வேலையைத் தொடங்குங்கள். அவர் நினைத்தது லேப் டிப்பை. அண்ணன் எடுத்துக்கொண்டது ரிப்பையும் சேர்த்து. அவரைக் குறை சொல்லவே மாட்டேன். அனுமதி கேட்டவருக்கு ஆம் என்று பதில் வந்தால் வேறெப்படிப் புரிந்துகொள்வார்?

அந்த ஸ்டைலுக்குக் கேட்டது லைக்ரா கலந்த ரிப். சாதா ரிப்பைத் தலைவழி இழுத்துவிட்டால் கழுத்து விரிந்தபடியே நிற்கும், பழைய அளவுக்குத் திரும்பாது. தைத்த பிறகு இன்ஸ்பெக்‌ஷனில்தான் அது தெரிந்தது. புதிதாக ரிப் ஓட்டினோம். உடம்புத் துணியோடு சேர்த்து ஒரே லாட்டில் சாயம் போட்டிருக்க வேண்டிய ரிப் தனி லாட்டில் போனது. லைட் பாக்ஸில் வைத்தால் நேவி இரண்டு நேவியாகத் தெரிந்தது. நிறம் ஒத்துவருவதற்குள் கப்பல் போய்விட்டது, சரக்கு விமானத்தில் போனது. சிசியில் என் பெயர் இருந்ததால் பாதிப் பழி என்மேல் விழுந்தது. அது நியாயமில்லை என்று இன்றும் சொல்வேன்.

அந்த மெயிலில் ஆபத்தானது எது என்று பாருங்கள். நான்கு கேள்விகள் கேள்வியாகவே இருந்தன. ரிப் மட்டும் ‘நினைக்கிறேன்’ என்று முடிந்தது. அதனால் பதில் எழுதும் முன் மெயிலை அப்படியே காப்பி செய்து, விஷயம் மாறுகிற இடத்திலெல்லாம் என்டர் தட்டுகிறேன். என்ன, எப்போது, எவ்வளவு என்பவை தானாகக் கண்ணில் படும். ‘செய்துவிடலாம்’, ‘என்று நினைக்கிறேன்’ என்று முடியும் வரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அன்று பதில் இப்படிப் போயிருக்க வேண்டும்:

அண்ணா, முதலில் 3ஐப் பாருங்க, ரிப் ஓட்ட வேண்டாம்.
1. நேவி லேப் டிப்: பி அப்ரூவ் ஆகிவிட்டது.
2. ஜிஎஸ்எம்: 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 171 முதல் 189 வரை.
3. கழுத்து ரிப்: சாதா கூடாது. லைக்ரா ரிப் மட்டும்.
4. கேர் லேபிள்: இன்னும் தெரியவில்லை. லேபிள்காரரிடம் கேட்டு நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்.
5. பெட்டிக்கு 24 பீஸ்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் பொருளின் பெயர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வெறும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதினால் எண் போட்டும் பயனில்லை. நிட்டிங்காரருக்கு ஃபார்வர்டு ஆகும்போது கேள்வி ஒருபக்கம், பதில் ஒருபக்கம் போய்விடும். கேட்டவருடைய பத்திக்கு நடுவிலேயே சிவப்பு எழுத்தில் பதில் எழுதுகிறவர்களும் உண்டு. சில போன்களில் நிறம் வராது, யார் எழுதியது எது என்றே தெரியாது. நாலாவதற்குப் பதில் இல்லையே என்று மற்ற நாலையும் நிறுத்தி வைக்காதீர்கள். மறுநாள் லேபிள் தேதி தெரிந்ததும் அதே மெயிலிலேயே, அதே 4 என்ற எண்ணில் எழுதுங்கள்.

இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள் என்பது என் பிரிவுத் தலைவரின் வாதம். ரிப்பைத் திரும்ப ஓட்டிச் சாயம் போட எத்தனை மெயில் போனது என்று அவருக்கும் தெரியும்.

எண் போடுவது உதவாத மெயிலும் வரும். ஒரு பதில் இன்னொன்றை மாற்றும் என்றால், உதாரணமாக ஜிஎஸ்எம் கூடினால் நூல் கூடும், நூல் கூடினால் விலையே இடிக்கும் என்றால், நான் எழுத உட்காருவதில்லை. அண்ணனுக்கு போன் போட்டுப் பேசி முடித்துவிட்டு, முடிவானதை மட்டும் அதே மெயிலுக்குப் பதிலாக அன்றே அனுப்புகிறேன். விலை பற்றிய வரியை மட்டும் அதில் சேர்ப்பதில்லை. அந்த மெயில் நிட்டிங்காரர் வரை போகும்.