மூக்குத்தண்டில்தான் முதலில் ஜூம் செய்வார்கள்

ரீடச்சிங் வேலைக்கான டெஸ்ட்டில் ஒரு போர்ட்ரெய்ட்டைக் கொடுத்து, “கூலிங் கிளாஸ் மாட்டிவிடுங்கள்” என்பார்கள். பலரும் லென்ஸைப் பளபளக்க வைப்பதிலேயே நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். டெஸ்ட் ஃபைல்களைப் பார்த்து ஆள் எடுக்கும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் ஜூம் செய்வது மூக்குத்தண்டில்தான். கண்ணாடி முகத்தில் உட்கார்ந்திருக்கிறதா, மிதக்கிறதா என்று அந்த இடம் சொல்லிவிடும்.

மொட்டைமாடி வெயிலில் எடுத்த ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். அகலம் சுமார் 2,000 பிக்ஸல்.

1. கண்ணை மறைக்கும் முன் கருமணியைப் பாருங்கள். அதில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். இந்தப் படத்தில் அது கடிகாரத்தின் 10 மணி இடத்தில் இருக்கிறது. வெளிச்சம் இடது மேலிருந்து வருகிறது. அப்படியானால் நிழல் வலது கீழேதான் விழ வேண்டும்.

2. லென்ஸில் கறுப்பைக் கொட்டாதீர்கள். பிரவுன் நிறத்தை மல்டிப்ளை மோடில், 75 சதவீத ஒபாசிட்டியில் வையுங்கள். மேலே அடர்த்தி, கீழே போகப்போக இளசு. இமைக்கோடு மங்கலாகத் தெரியட்டும்.

3. ரிஃப்ளெக்‌ஷனில் படத்தில் இருப்பவருக்கு எதிரே இருப்பதுதான் தெரிய வேண்டும்: மேலே வானம், நடுவில் கைப்பிடிச்சுவர், கீழே தரை. ஸ்கிரீன் மோட், 25 சதவீதம் போதும். வார்ப் செய்து லென்ஸின் வளைவுக்கு வளையுங்கள். ஒரு லென்ஸில் செய்ததை ஃபிளிப் செய்து அடுத்ததில் ஒட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு லென்ஸில் சூரியன் இடப்பக்கம் தெரிந்தால் மற்றதிலும் இடப்பக்கம்தான்.

4. இனி நிழல். டிராப் ஷேடோவை அப்படியே நம்பாதீர்கள். முகத்தைச் சுவர்போலத் தட்டையாக நினைத்து, எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் நிழலை விரிக்கும் அது. முகம் அப்படி இல்லையே. மூக்கில் பிரேம் தொடுகிறது. கன்னத்தில் விலகி நிற்கிறது. அதனால் இரண்டு லேயர் போடுங்கள். முதலாவது, பிரேம் தோலைத் தொடும் இடத்தில் 3, 4 பிக்ஸலுக்கு மெல்லிய, அடர்ந்த கோடு. பிளர் 1 பிக்ஸல். இரண்டாவது, தண்டின் வலது சரிவில் இறங்கி, கன்னத்துக்குப் போகப்போக அகலமாகும் நிழல். மல்டிப்ளை, 35 சதவீதம். பிளர் மூக்கருகே 3, கன்னத்தில் 8 பிக்ஸல்.

நிறத்தை மூக்கின் ஓரத்தில் ஏற்கெனவே இருக்கும் நிழலிலிருந்து ஐட்ராப்பரால் எடுங்கள். சுத்தக் கறுப்பு வைத்தால் கரி தேய்த்ததுபோல் இருக்கும். லென்ஸுக்குக் கீழே விழும் நிழலில் மட்டும் கொஞ்சம் பிரவுன் கலக்கலாம். வெயில் அந்த டின்ட் வழியாகத்தானே தோலுக்கு வருகிறது.

மேகமூட்டத்தில் எடுத்த படமென்றால் இரண்டாவது லேயரைக் கிட்டத்தட்ட அணைத்துவிடுங்கள். முதல் கோடு மட்டும் கட்டாயம்.

அனுப்பும் முன் படத்தை இட வலமாகத் திருப்பி, 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். கண்ணாடி மூக்கைவிட்டு எழும்பியதுபோல் தெரிந்தால், முதல் லேயருக்குத் திரும்பி அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்குங்கள்.