குடும்ப விசா: ஆவணப் பட்டியலை எப்படித் தயார் செய்வது?



வளைகுடாவில் இருக்கும் கணவரிடம் மனைவி மக்களை அனுப்ப, ஒரு பையில் காகிதங்களை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். பெரும்பாலும் எல்லா ஆவணமும் இருக்கும். ஆனால் எது எதுவரை செல்லும், எதன் அசல் யாரிடம் இருக்கிறது என்பது தெரியாது. இதற்கு ஒரே தாளில் ஓர் அட்டவணை போதும்.

கூத்தாநல்லூரில் இருக்கும் ஒரு சகோதரி, நான்கு வயது மகனுடன் துபாய் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் அங்கே வேலையில் இருக்கிறார். பயண நாள் 10.06.2026. அட்டவணை எழுதிய நாள் 02.02.2026.

| ஆவணம் | அசல் | நகல் | செல்லும் தேதி | நிலை |
|---|---|---|---|---|
| மனைவி பாஸ்போர்ட் | வீட்டில் | 3 | 12.10.2026 | புதுப்பிக்க வேண்டும் |
| மகன் பாஸ்போர்ட் | வீட்டில் | 3 | 18.03.2027 | சரி |
| திருமணப் பதிவுச் சான்றிதழ் | வீட்டில் | 3 | முடிவு இல்லை | பெயர் பார்த்து, சான்றொப்பத்துக்கு |
| மகன் பிறப்புச் சான்றிதழ் | வீட்டில் | 3 | முடிவு இல்லை | பெயர் பார்த்து, சான்றொப்பத்துக்கு |
| கணவரின் விசா, எமிரேட்ஸ் அடையாள அட்டை | துபாயில் | 2 | 14.09.2027 | நகல் வந்தது |
| வாடகை ஒப்பந்தம் | துபாயில் | 1 | 31.12.2026 | நகல் வரவில்லை |
| சம்பளச் சான்றிதழ் | வாங்கவில்லை | – | புதிதாக வேண்டும் | கடைசியில் |

முதலில் பாஸ்போர்ட் வரிசையைப் பாருங்கள். மனைவியின் பாஸ்போர்ட் அக்டோபர் வரை செல்லும், பயணம் ஜூனில்தானே என்று தோன்றும். ஆனால் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும், அதாவது 10.12.2026 வரை. இரண்டு மாதம் குறைகிறது. மகனுடையது சரி. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் என்பதால், தாயுடையது சரியாக இருந்தாலும் பிள்ளையுடையதைத் தனியே பார்க்க வேண்டும். புதுப்பிக்கும் வேலையை முதலில் செய்யுங்கள். புதிய பாஸ்போர்ட்டுக்குப் புதிய எண் வரும். பழைய எண்ணில் விசா விண்ணப்பம் போட்டுவிட்டால் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது திருமணச் சான்றிதழ். ஜமாஅத் நிகாஹ் தப்தர் நகல் இதற்குப் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். நிகாஹ் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. தப்தர் நகல் அந்தப் பதிவுக்கு ஆதாரமாகப் பயன்படும்.

இந்தச் சான்றிதழுக்கு முடிவுத் தேதி இல்லை. ஆனால் அது போகும் வழி நீளம். மாநில அரசின் உள்துறை, அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகம், அடுத்து அமீரகத் தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் பெற வேண்டும். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த சவூதி அரேபியாவுக்கு 2022 டிசம்பர் முதல் 'அப்போஸ்டில்' முத்திரை செல்லும். அமீரகம் அதில் சேராததால் தூதரகப் படியைத் தாண்ட முடியாது. முத்திரைகள் அசலின் மீதே விழுவதால் லேமினேட் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் அசல் உங்கள் கையில் இராது. ஆகவே அனுப்பியதும் 'அசல்' கட்டத்தில் 'வீட்டில்' என்பதை அடித்து, யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், ரசீது எண் என்ன என்று எழுதுங்கள்.

அனுப்புமுன் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பாத்திமா என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆறெழுத்திலும் எழுதுகிறார்கள், ஏழெழுத்திலும் எழுதுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்றும் சான்றிதழில் ஒன்றுமாக இருந்தால், முத்திரை விழுவதற்கு முன்பே திருத்த வேண்டும். பிறகு திருத்தினால் எல்லா முத்திரையும் மறுபடி வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரில்லாமல் பதிந்த பிறப்புக்கு 12 மாதம் வரை கட்டணமின்றியும், 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம்.

சம்பளச் சான்றிதழைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது புதிதாக இருக்க வேண்டிய ஆவணம். பிப்ரவரியில் வாங்கினால் சான்றொப்பம் முடிந்து வருவதற்குள் பழசாகிவிடும். குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பதால், அந்தத் தொகையை மட்டும் கணவரிடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆக வரிசை இது: பாஸ்போர்ட், பெயர்த் திருத்தம், சான்றொப்பம், துபாய் நகல்கள், கடைசியில் சம்பளச் சான்றிதழ். மெதுவாக நடப்பது முதலில். சீக்கிரம் பழசாவது கடைசியில். வாரம் ஒருமுறை 'நிலை' கட்டத்தைப் பார்த்து, மாறியதைத் தேதியுடன் எழுதுங்கள்.

வெற்று அட்டவணை நம் அலுவலகத்தில் கிடைக்கும். வரும்போது அசல்களை வீட்டில் வைத்துவிட்டு நகல்களை மட்டும் கொண்டுவாருங்கள்.