டெங்கு விடுப்பு: திரும்பும் தேதியை எப்படிச் சொல்வது?

டெங்கு என்று தெரிந்ததும், "திங்கட்கிழமை வந்துவிடுவேன் சார்" என்று சொல்லிவிடாதீர்கள். காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ஆபத்து அதிகம். அது கடந்த பின்னும் அசதி வாரக்கணக்கில் நீடிக்கலாம்.

ஆகவே இரண்டு தேதி சொல்லுங்கள்: "எல்லாம் சரியாக இருந்தால் 18-ம் தேதி வருவேன். இல்லையென்றால் 25 வரை ஆகலாம். வேலையை 25-ஐ வைத்தே பிரித்துக்கொடுங்கள். திங்கள், வியாழன் காலை 10 மணிக்குள் நிலைமையைச் சொல்கிறேன்."

மாற்றமே இல்லாத நாளிலும் "இன்னும் அசதிதான், அடுத்து வியாழன் சொல்கிறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். உங்களால் முடியாவிட்டால் அனுப்ப, வீட்டில் ஒருவரிடம் மேலாளரின் எண்ணைக் கொடுத்துவையுங்கள். மருத்துவர் தேதியைத் தள்ளினால் வியாழன் வரை காத்திருக்காமல் அன்றே தெரிவியுங்கள்.