அரைக் குப்பியா, முழுக் குப்பியா?

வாதக் காய்ச்சல் கண்டு சுகமாகி வீடு திரும்பிய பிள்ளைக்கு மாதந்தோறும் பென்சிலின் ஊசி போடவேண்டும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருப்பார். மூட்டு வீக்கம் வற்றி, பிள்ளை ஓடி விளையாடுகிறபோது இனி ஊசி எதற்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு. இந்த ஊசி போன நோய்க்கு அல்ல, இனி வரக்கூடிய நோய்க்கு. வாதக் காய்ச்சல் தொண்டைப் புண்ணுக்குப் பின் வருவது. அந்தப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமி, சனம் நெருங்கி வாழும் கொட்டில்களில் இலகுவாகப் பரவும். ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அக்கிருமி மீண்டும் தொற்றினால் காய்ச்சலும் மீண்டும் வரக்கூடும். மூட்டு நோவு வந்து போய்விடும். இருதய வால்வில் பட்ட காயமோ ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும்.

இந்த ஊசியின் பெயர் பென்சத்தீன் பென்சிலின். தண்ணீர் விட்டுக் கலக்கினால் பால்போல் தடிப்பாக இருக்கும். ஆழமாகத் தசைக்குள் போட, அங்கே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கரையும். யூரியா இட்டால் பயிர் உடனே பச்சை பிடிக்கும். மாட்டெரு மெல்ல மெல்ல ஊட்டும். இது மாட்டெரு மாதிரி. நாலாவது கிழமையில் மருந்தின் அளவு நன்றாகக் குறைந்துவிடும். தசையில் கரையும் மருந்து நாட்காட்டியின் மாதத்தைப் பார்ப்பதில்லை. ஆகையால் 'மாத ஊசி' என்பதை 28 நாள் ஊசி என்றே கணக்கிடுங்கள். தை 6ஆம் திகதி போட்டால் அடுத்தது மாசி 6 அல்ல, மாசி 3. முதல் ஊசி திங்களில் போட்டால் எல்லாமே திங்களில்தான் வரும். வருடத்துக்கு 13 ஊசி, 12 அல்ல. சில பிள்ளைகளுக்கு வைத்தியர் 21 நாளுக்கு ஒருமுறை என்று எழுதுவார், அதையே பின்பற்றவேண்டும்.

இனி அளவு. பாணி மருந்தைப்போல் இது கிலோவுக்கு இவ்வளவு என்று ஏறுவதில்லை. இரண்டு படிகளே உண்டு: சிறிய பிள்ளைக்கு 6 இலட்சம் அலகு, பெரிய பிள்ளைக்கும் வளர்ந்தவருக்கும் 12 இலட்சம். 12 இலட்சம் கொண்ட குப்பியானால் முன்னதற்கு அரை, பின்னதற்கு முழுவதும். எத்தனை கிலோவில் படி மாறுவது என்பதில் மருத்துவ வழிகாட்டிகள் ஒன்றுபடவில்லை. அமெரிக்க வழிகாட்டி 27 கிலோ என்றும், வேறு சில 30 என்றும், அவுஸ்திரேலியாவில் 20 என்றும் வகுத்துள்ளன. உங்கள் கிளினிக்கில் எந்தக் கோடு என்பதை வைத்தியரிடம் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவித்துக் கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒன்பது வயதுச் சிறுமி, நிறை 25 கிலோ, அவளுடைய கிளினிக்கின் கோடு 27. அரைக் குப்பியில் தொடங்குகிறார்கள், சரி. எட்டு மாதத்தில் அவள் 26 கிலோ, இன்னும் அரைதான். பிறகு குடும்பம் இடம்பெயர்கிறது, கொப்பி தவறிவிடுகிறது. புதிய இடத்தில் 'முன்னர் எவ்வளவு போட்டார்கள்?' என்று கேட்க, 'அரைப் போத்தல்' என்கிறாள் தாய். சொன்னது உண்மைதான். ஆனால் அதற்குள் பிள்ளை 31 கிலோ ஆகிவிட்டாள். மேலே சொன்ன எந்தக் கோட்டின்படியும் அவளுக்கு முழுக் குப்பி வேண்டும். அரை மருந்து போட்டால் வெளியில் ஒரு குறியும் தெரியாது. ஊசி நொந்தது, திகதி தவறவில்லை, எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும். மருந்து மட்டும் அடுத்த ஊசிக்கு முன்னரே போதாமல் போகும்.

இதைப் பிடிக்க ஒரே வழி தராசு. ஊசிக்குப் போகும் ஒவ்வொரு முறையும், செருப்பைக் கழற்றிப் பிள்ளையை நிறுக்கச் சொல்லுங்கள். வயதைப் பார்த்து நிறையை மதிப்பிட விடாதீர்கள்; முகாம்களில் பத்து வயதுப் பிள்ளை 22 கிலோவும் இருக்கும், 32 கிலோவும் இருக்கும். திகதி, நிறை, போட்ட அலகு மூன்றையும் ஒரே வரியில் பதியச் செய்யுங்கள். அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றை வேறொருவர் வீட்டில் வைத்திருப்பது நல்லது. உறுதியைப் பத்திரப்படுத்துகிற நாம் கிளினிக் கொப்பியைக் கூரையில் செருகிவிடுகிறோம்!

அறுவடையோ மடுத் திருவிழாவோ குறுக்கே வந்தால் இரண்டு மூன்று நாள் முந்திப் போடுங்கள், பிந்த விடாதீர்கள். தவறிவிட்டால் அடுத்த திகதிவரை காத்திராமல் அறிந்த அன்றே போகவேண்டும். விட்டதற்கு ஈடாக இரண்டு ஊசி போடுவதில்லை. வைத்தியசாலையில் மருந்து இல்லை என்றால் வெறுங்கையோடு திரும்பாமல், அது வரும்வரை விழுங்கும் பென்சிலின் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள்.

முன்னர் பென்சிலினுக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லவேண்டும். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். எத்தனை வருடம் என்பதை இருதயத்தைப் பரிசோதித்து வைத்தியர் தீர்மானிப்பார். வால்வு பழுதுபடாத பிள்ளைக்கே குறைந்தது 5 வருடம். பழுதுபட்டிருந்தால் இன்னும் நீளும், சிலருக்கு நாற்பது வயதுவரையும் செல்லும்.