நேம் பிளேட்டில் மணி என்ன?
டெல்டா-ஸ்டாரா, ஸ்டார்-ஸ்டாரா என்று முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலையில் ஏற்கெனவே ஒரு 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஓடுகிறது. 11 கே.வி.யை 433 வோல்ட்டாக இறக்கித் தருவது, வெக்டர் குரூப் Dyn11. லோடு கூடிவிட்டதால் அதனுடன் பேரலலாக இன்னொன்று தேவை. மேனேஜர் இரண்டு கொட்டேஷன்களை உங்கள் மேசையில் வைக்கிறார். ஒன்று புதிய Dyn11. மற்றொன்று செகண்ட் ஹேண்ட் Yyn0, விலை பாதிதான். “ரெண்டும் 250 கே.வி.ஏ., ரெண்டும் 11 கே.வி. விலை குறைஞ்சதை எடுத்துட்டா என்ன தம்பி?” என்கிறார்.

அந்த நாலைந்து எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் இதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.

எழுத்துகளைப் படிப்பது

முதலில் வரும் பெரிய எழுத்து உயர் அழுத்தச் சுற்றைக் குறிக்கும். D என்றால் டெல்டா, Y என்றால் ஸ்டார். அடுத்த சிறிய எழுத்து தாழ் அழுத்தச் சுற்று. அதையொட்டி n இருந்தால் நியூட்ரல் வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆக Dyn11 என்பது எச்.டி. பக்கம் டெல்டா, எல்.டி. பக்கம் நியூட்ரலுடன் ஸ்டார். Yyn0 என்றால் இரு பக்கமும் ஸ்டார்.

கடைசி எண் ஒரு கடிகார மணி. எச்.டி. பக்கத்து முதல் பேஸின் வோல்டேஜைப் பெரிய முள்ளாக எண்ணி 12-ல் நிறுத்துங்கள். அதே பேஸின் எல்.டி. வோல்டேஜ்தான் சின்ன முள். அது எந்த மணியைக் காட்டுகிறதோ அதுவே அந்த எண். ஒரு மணிக்கு 30 டிகிரி. முள்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்வதாகக் கொள்வது வெக்டர் மரபு. எனவே 11-ல் நிற்கும் எல்.டி. வோல்டேஜ் எச்.டி.யை 30 டிகிரி முந்துகிறது, 1-ல் நின்றால் 30 டிகிரி பிந்துகிறது. 0 என்றால் இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன.

ஒரு பக்கம் டெல்டாவும் மறுபக்கம் ஸ்டாருமாக இருந்தால் எண் எப்போதும் ஒற்றைப்படையில் வரும். ஸ்டார்-ஸ்டார் என்றால் இரட்டைப்படை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

சமனற்ற லோடை யார் தாங்குவார்?

ஆலையில் மோட்டார்கள் மூன்று பேஸ். விளக்கு, மின்விசிறி, அலுவலக ஏ.சி., கேன்டீன் அடுப்பு எல்லாம் ஒற்றை பேஸ். எவ்வளவு பார்த்துப் பிரித்துக் கொடுத்தாலும் நியூட்ரலில் கொஞ்சம் கரண்ட் ஓடத்தான் செய்யும்.

டெல்டா-ஸ்டாரில் எல்.டி.யின் ஒரு பேஸில் மட்டும் லோடு ஏறினால், அதே காலில் சுற்றியிருக்கும் எச்.டி. காயில் அதற்கு ஈடான கரண்டை இரண்டு எச்.டி. லைன்களிலிருந்து இழுத்துக்கொள்ளும். மற்ற இரு காயில்களுக்கும் இதில் வேலை இல்லை. ஒவ்வொரு காலும் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்வதால் நியூட்ரல் அசையாது.

ஸ்டார்-ஸ்டாரில் எச்.டி. நியூட்ரல் எதனுடனும் இணைக்கப்படாமல் மிதக்கிறது. ஒரு காயிலுக்கு லோடு வந்தால் அது இழுக்கும் கரண்ட் மற்ற இரு காயில்கள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். ஆனால் அந்தக் கால்களின் எல்.டி. பக்கம் ஈடு செய்ய லோடு இல்லை. ஆகவே மூன்று கால்களிலும் ஒரே திசையில் மிகைக் காந்தப் பாய்வு எழுகிறது. மூன்று கால் கோரில் அது திரும்பிவர இரும்பு வழி இல்லாததால் எண்ணெய் வழியாகவும் டேங்க் சுவர் வழியாகவும் போகிறது. டேங்க் சுடும், நியூட்ரல் புள்ளி நகரும்.

எவ்வளவு நகரும்? நியூட்ரல் கரண்டுக்கு எதிராக நிற்கும் இம்பீடன்ஸுக்கு ஜீரோ சீக்வென்ஸ் இம்பீடன்ஸ் என்று பெயர். டெல்டா-ஸ்டாரில் இது வழக்கமான இம்பீடன்ஸை ஒட்டியே, சுமார் 4.5 சதவீதம் இருக்கும். ஸ்டார்-ஸ்டாரில் பல மடங்கு. கணக்குக்கு 60 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 250 கே.வி.ஏ.யின் முழு லோடு கரண்ட் 333 ஆம்பியர். நியூட்ரலில் 100 ஆம்பியர் ஓடினால் நியூட்ரல் சுமார் 15 வோல்ட் விலகும். 250 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேஸ் 263-க்கு ஏறும், இன்னொன்று 237-க்கு இறங்கும். இதனால்தான் Yyn0-வில் நியூட்ரல் கரண்டை முழு லோடில் 10 சதவீதத்துக்குள் வைக்கும் வழக்கம் வந்தது.

பியூஸ் போகாத ஷார்ட்

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு பேஸ் நியூட்ரலுடன் ஷார்ட் ஆகும்போது தெரியும். Dyn11-ல் டிரான்ஸ்பார்மரின் வாயிலிலேயே ஷார்ட் ஆனால் சுமார் 7,400 ஆம்பியர் பாயும், 400 ஆம்பியர் பியூஸ் நொடிப்பொழுதில் போய்விடும். நாம் எடுத்துக்கொண்ட Yyn0-வில் அதே ஷார்ட்டுக்கு வருவது சுமார் 1,450 ஆம்பியர்தான். பியூஸ் அவ்வளவு சீக்கிரம் உருகாது. அது யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்ற இரண்டு பேஸ்களும் 250-லிருந்து சுமார் 390 வோல்ட்டுக்கு எகிறியிருக்கும். ஒரு பேஸில் நடந்த ஷார்ட்டுக்கு மற்ற பேஸ்களின் விளக்கும் கம்ப்யூட்டரும் பலியாகும்.

அப்படியானால் ஸ்டார்-ஸ்டார் எதற்கு?

அழுத்தம் ஏற ஏற அதன் மதிப்பும் ஏறும். டெல்டா காயில் ஒவ்வொன்றும் முழு லைன் வோல்டேஜையும் தாங்க வேண்டும். ஸ்டார் காயிலுக்கு அதில் 58 சதவீதம் போதும். 110 கே.வி. லைனில் ஸ்டார் காயில் தாங்குவது சுமார் 63.5 கே.வி. மட்டுமே. நியூட்ரலை நேராக எர்த் செய்துவிட்டால் அந்த முனையில் இன்சுலேஷனையும் குறைக்கலாம், டேப் சேஞ்சரையும் அங்கேயே வைக்கலாம். துணை மின்நிலையப் பெரிய டிரான்ஸ்பார்மர்களில் YNyn0 இருப்பதற்குக் காரணம் இந்த மிச்சம்தான். அங்கே எச்.டி. நியூட்ரலும் எர்த்தாகி இருப்பதால் சமனற்ற கரண்டுக்கு வழி கிடைக்கிறது. அது போதாத இடங்களில் வெளியே லோடு எதுவும் கொடுக்காத மூன்றாவது டெல்டா காயில் ஒன்றை உள்ளே சுற்றிவைப்பார்கள்.

சுருக்கமாக: 11 கே.வி.யிலிருந்து 433-க்கு இறக்கி, ஒற்றை பேஸ் லோடும் கொடுக்கும் இடத்தில் Dyn11. இரு பக்கமும் உயர் அழுத்தமாக, நியூட்ரல்கள் எர்த் ஆகும் இடத்தில் YNyn0.

மணி பொருந்தாவிட்டால்

பேரலல் போடுவதற்கு வோல்டேஜ், இம்பீடன்ஸ் சதவீதம், பேஸ் வரிசை எல்லாம் பொருந்த வேண்டும். வோல்டேஜிலோ இம்பீடன்ஸிலோ சிறு வேறுபாடு இருந்தால் லோடு ஏறுக்குமாறாகப் பங்கிடப்படும், அவ்வளவுதான். பேஸ் வரிசையோ மணியோ மாறினால் அப்படி விட்டுவிட முடியாது.

Dyn11-க்கும் Yyn0-க்கும் இடையே ஒரு மணி, அதாவது 30 டிகிரி. இரண்டின் நியூட்ரலையும் சேர்த்துவிட்டு ஒரே பேஸின் இரு முனைகளுக்கு நடுவே அளந்தால் 129 வோல்ட் காட்டும். இந்த 129 வோல்ட்டுக்கு எதிரே நிற்பவை இரு டிரான்ஸ்பார்மர்களின் 4.5 சதவீத இம்பீடன்ஸ்கள் மட்டுமே. சுவிட்சைப் போட்டால், வெளியே ஒரு பல்புகூட எரியாத நிலையிலும் இரண்டுக்கும் இடையே சுமார் 1,900 ஆம்பியர் சுற்றும். முழு லோடு கரண்டைப் போல அது ஐந்தே முக்கால் மடங்கு.

கேபிளை மாற்றிக் கட்டிச் சரிசெய்யலாமா? மூன்று பேஸ்களையும் வரிசையாக ஓரிடம் தள்ளிக் கட்டினால் மணி நான்கு நான்காகத்தான் நகரும். Dyn1-ஐ Dyn11-உடன் சேர்க்க ஒரு வழி உண்டு. எச்.டி.யில் இரண்டு லைன்களையும், எல்.டி.யில் அவற்றுக்குரிய இரண்டையும் இடம் மாற்றினால் பிந்துவது முந்துவதாக மாறும். ஆனால் ஒற்றைப்படையையும் இரட்டைப்படையையும் வெளியே எப்படிக் கட்டினாலும் சேர்க்கவே முடியாது.

பலகையை நம்பலாமா? அளந்து பாருங்கள்

ரீவைண்டிங் போய்வந்த டிரான்ஸ்பார்மரில் பலகை ஒன்று சொல்லும், உள்ளே இணைப்பு வேறாக இருக்கும். சோதிக்க ஒரு வோல்ட் மீட்டர் போதும்.

1. டிரான்ஸ்பார்மரை இரு பக்கமும் லைனிலிருந்து முழுவதும் பிரித்து, டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

2. எச்.டி.யின் 1U முனையையும் எல்.டி.யின் 2u முனையையும் ஒரு ஒயரால் இணையுங்கள்.

3. மூன்று பேஸ் 400 வோல்ட்டை எச்.டி. பக்கம் கொடுங்கள். மறந்தும் எல்.டி. பக்கம் கொடுக்காதீர்கள், எச்.டி. முனைகளில் 10,000 வோல்ட்டுக்கு மேல் வந்து நிற்கும். மூன்று லைன்களும் சமமாக 400 இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. 1V-க்கும் 2w-க்கும் இடையே அளந்து எழுதுங்கள். பிறகு 1W-க்கும் 2w-க்கும் இடையே.

இரண்டு அளவும் சமமாக, சுமார் 386 வோல்ட் வந்தால் அது Dyn11. முதல் அளவு 400, இரண்டாவது 386 என்றால் Dyn1. முதல் அளவு 392, இரண்டாவது 384 என்றால் Yyn0. வேறுபாடு சில வோல்ட்தான் என்பதால் இரண்டையும் ஒரே டிஜிட்டல் மீட்டரால், அடுத்தடுத்து அளக்க வேண்டும். சப்ளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் திரும்ப அளந்து பாருங்கள்.

சோதனையில் தேறினாலும் முதல்முறை பேரலல் போடும்முன் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. இரண்டுக்கும் எச்.டி. சப்ளை கொடுத்து, நியூட்ரலைச் சேர்த்து, எல்.டி. பிரேக்கர் திறந்திருக்கும்போதே அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பேஸாக அளக்க வேண்டும். மூன்றிலும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மட்டும் பிரேக்கரைப் போடலாம். 129 வந்தால் ஒரு மணி தவறு. 250 வந்தால் இரண்டு மணி தவறு. 433 வந்தால் பேஸ் மாறியிருக்கிறது.

மேனேஜருக்குச் சொல்லும் பதில்

அந்த Yyn0 எவ்வளவு மலிவாக வந்தாலும் இந்த ஆலையில் பேரலலுக்கு ஆகாது. தனியாக ஓட்டினாலும் கேன்டீனையும் அலுவலகத்தையும் அதில் தொங்கவிட முடியாது. புதிய Dyn11-ஐ வாங்குங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் கே.வி.ஏ.வையும் வோல்டேஜையும் மட்டும் எழுதி நிறுத்திவிடாமல் “வெக்டர் குரூப் Dyn11, இம்பீடன்ஸ் 4.5 சதவீதம்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி இல்லாமல் வேறு மணியில் ஒரு டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கினால், திருப்பி அனுப்ப உங்கள் கையில் காகிதம் இருக்காது.