காய் பறிக்குமுன் பழப்பெட்டிக்கு விலை வைப்பது எப்படி?

மட்டாஞ்சேரிக்கு முன்விலை பழகிய சங்கதி. 1957இல் தொடங்கிய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இங்கே யூதத் தெருவில்தான் மிளகுக்கு முன்பேர வணிகம் நடத்தியது. மிளகை மூட்டை கட்டிக் காத்திருக்கலாம், மாம்பழத்தை முடியாது. அதனால் பழத்துக்கு விலையோடு நட்டத்தின் பங்கையும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

பாலக்காடு மாவட்டத்து முதலமடைத் தோப்பிலிருந்து 3 கிலோ மாம்பழப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். பூவைப் பார்த்து முன்பதிவு வாங்காதீர்கள். பூத்ததில் நூற்றில் ஒன்றுகூடக் காயாகி நிற்பதில்லை. இலைப்பேனும் பருவம் தவறிய மழையும் மீதியையும் உதிர்க்கும். காய் கோலிக்குண்டு அளவு ஆனபின் தோப்பைச் சுற்றி வாருங்கள். அண்மை ஆண்டுகளில் மிகக் குறைவாகக் கிடைத்த விளைச்சல் எதுவோ, அதில் பாதியை மட்டும் பதிவுக்கு விடுங்கள்.

அடுத்தது விலை. அறுவடையின்போது பெட்டி 360 ரூபாய்க்குப் போகும் என்பது உங்கள் கணிப்பு. முன்பணம் 150 வாங்குகிறீர்கள். காய்ப்பு முழுதும் பொய்த்தால் அதில் 75 திரும்பும், 75 போகும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொய்க்கும் தோப்பு என்றால், வாங்குபவர் சுமக்கும் இடரின் மதிப்பு ஆண்டுக்கு 15 ரூபாய். பணம் மாதக்கணக்கில் உங்களிடம் கிடப்பதற்கும் சேர்த்து 30 ரூபாய் தள்ளி, விலையை 330 ஆக்குங்கள். 15க்கும் குறைவாகத் தள்ளினால் அவர் சுமக்கும் இடருக்கு முழு ஈடு ஆகாது.

திருப்பித் தரவேண்டிய அந்த 75ஐ அறுவடை முடியும்வரை தனிக் கணக்கில் வையுங்கள். மருந்துக்கும் கூலிக்கும் மற்ற 75தான். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: முழுப்பணமும் தோப்பில் இறங்கிவிட்டால் திருப்பித் தர எதுவும் இருக்காது.

விளைச்சல் பாதியில் குறைந்தால் முதலில் பதிந்தவருக்கு முழுப்பெட்டி, மற்றவருக்கு வெறுங்கை என்று செய்யாதீர்கள். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறையுங்கள். 2 கிலோதான் தர முடிகிறது என்றால் கிலோ 110 வீதம் 220. வராத ஒரு கிலோவின் முன்பணம் 50இல் பாதி, 25. ஆக வாங்குபவர் தருவது 245. 150 முன்பே தந்துவிட்டார், பாக்கி 95.

சந்தை விலை எகிறினால் உங்கள் கை அரிக்கும். அதனால் பறித்ததும் பதிவுப் பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வியாபாரிக்குக் காட்டுங்கள். தமிழ்நாடு, ஆந்திர வரத்து தொடங்கி விலை இறங்கினால் வாங்குபவர் பின்வாங்கப் பார்ப்பார். பாக்கி 180ஐப் பெட்டி கட்டுமுன் வாங்குங்கள், விலகினால் முன்பணம் திரும்பாது என்பதையும் சீட்டில் எழுதுங்கள்.

சீட்டில் இன்னும் இரண்டு வரி. எடை என்பது கட்டும்போது காயின் எடை, பழுக்கையில் குறையும். தோலில் இலைப்பேன் கீறிய தழும்புக்குப் பணம் திரும்பாது; உள்ளே அழுகியிருந்தால் பெட்டி பிரித்த அன்றே படம் அனுப்பினால் ஈடு உண்டு.