போன் சொன்னா அது அதிரப்பள்ளியா?

போன மழையில் மேக்கரைக்குப் போகும் வழியில் பாறையில் தண்ணீர் கொட்டுவதைப் படம் எடுத்தேன். பேரே இல்லாத சின்ன அருவி. மழை நின்றால் அதுவும் நின்றுவிடும். 'நம்ம ஊர்' படப் போட்டிக்குக் கொடுத்தேன். பக்கத்து வகுப்பு நண்பன் தன் போனில் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, "டேய், இது கேரளா அதிரப்பள்ளி. நெட்டுல சுட்டுட்டியா?" என்று எல்லார் முன்னாடியும் கேட்டுவிட்டான்! போன் ஏன் அப்படிச் சொன்னது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தை அடையாளம் காணும் புரோகிராமுக்குப் பேர் பட்டியல் ஒன்று உண்டு. அதில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் நம் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடும். பட்டியலில் மூன்றே அருவிகள் என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் நான் போட்டவை.) அதிரப்பள்ளி 3, ஒகேனக்கல் 1, ஜோக் 0. இதைச் சதவீதமாக்க e என்ற எண்ணை (2.718) அந்தந்த அடுக்குக்கு உயர்த்துவார்கள்.

e³ = 20.1, e¹ = 2.7, e⁰ = 1. கூட்டினால் 23.8.
அதிரப்பள்ளியின் பங்கு 20.1 ÷ 23.8 = 84%.

இனிமேல்தான் வேடிக்கை. படம் எதையுமே சரியாக ஒத்துப்போகவில்லை, மதிப்பெண்கள் −2, −4, −5 என்று வருகின்றன. இப்போது பங்கு எவ்வளவு? கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், அதே 84%! மதிப்பெண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மாறாததால் பங்கும் மாறவில்லை. மொத்தம் 100 வந்தாக வேண்டும். "இதில் எதுவுமே இல்லை" என்று எழுதக் கட்டமும் இல்லை. மூன்று பேர் மட்டும் ஓடிய பந்தயத்தில் முதலில் வந்தவன் மாதிரிதான்.

சரி, பட்டியலில் நம்ம ஓடை ஏன் இல்லை? 2019-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட படத்தொகுப்பில் 2 லட்சம் இடங்கள், 50 லட்சம் படங்கள். அவை விக்கிமீடியா காமன்ஸில் மக்கள் ஏற்றியவை. பேர் பெற்ற இடத்தைத்தானே ஆட்கள் படம் எடுத்து ஏற்றுவார்கள்! இந்தக் கோளாறு அவர்களுக்கும் தெரியும். அதனால் சோதனைப் படங்களில் 100-க்கு 1 அளவில்தான் பட்டியலில் உள்ள இடம். மற்றதற்குத் தைரியமாகப் பேர் வைத்தால் மதிப்பெண் குறையும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு மறுபடி தேடுங்கள். என் படத்தில் கீழே கிடந்த பாறையை வெட்டியதும் வேறு ஒரு அருவியின் பேர் வந்தது. தென்காசி கோபுரத்தைப் பாதி வெட்டித் தேடியும் பேர் மாறவில்லை. அதில் அதற்கே உரிய வேலைப்பாடு இருக்கிறது. தண்ணீர், பாசி, பாறையில் அப்படி எதுவும் இல்லையே. ஆனால் போன் இருக்கும் இடத்தை வைத்தும் சில செயலிகள் பேர் சொல்லும். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

நண்பனுக்கு இதைச் செய்து காட்டினேன். "அப்ப ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிட்டுப் போ, நேர்ல பாத்துட்டு நம்புறேன்" என்கிறான்.